வார வாக்கை யாரிடம் கொடுப்பது? வீட்டாரிடமா, குழுவிலா, பணத்தை வைத்தா, தோழியிடமா?

என் அப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. ஓய்வுக்குப் பிறகு ஆறு நோட்டுப் புத்தகங்களில் தன் வாழ்க்கையை எழுதி வைத்தார். அவர் காலமான பின், அதையெல்லாம் கணினியில் தட்டி, பிரதி எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேன். மொத்தம் 360 பக்கம். இரண்டு ஆண்டு அந்த நோட்டுகள் பிஸ்கட் டின்னுக்குள்ளேயே கிடந்தன. நான் அதைக் கைவிடவில்லை என்பதுதான் கொடுமை. யார் கேட்டாலும் “செஞ்சுக்கிட்டு இருக்கேன்” என்றே சொன்னேன். நானும் அதை நம்பினேன்.

பிறகு 37 வாரத்தில் அந்த வேலை முடிந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒருவரிடம் போன வாரக் கணக்கைச் சொல்லி, அடுத்த வாரத்துக்கு வாக்குக் கொடுத்தேன். அவரும் தன் வேலையைப் பற்றி எனக்கு அப்படியே செய்தார். ‘அக்கவுண்டபிலிட்டி பார்ட்னர்’ என்கிறார்களே, அதுதான். நான் கணக்குத் துணை என்று சொல்கிறேன்.

இதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: யாரைப் பிடிப்பது? வீட்டுக்காரரே போதாதா? வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினால் என்ன? செய்யாவிட்டால் இவ்வளவு வெள்ளி என்று அபராதம் வைத்துக்கொண்டால்? அந்த 37 வாரத்துக்கு முன்னால் இந்த மூன்றையும் நான் முயன்று பார்த்துவிட்டேன். அதனால் ஒவ்வொன்றும் எங்கே பிடிக்கிறது, எங்கே கழன்றுபோகிறது என்று விரிவாகச் சொல்ல முடியும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒரு வேலைக்கு வெளியிலிருந்து கெடு இருந்தால் கணக்குத் துணை அவ்வளவாகத் தேவைப்படாது. வரித் தாக்கலைத் தள்ளிப்போட்டால் கடிதம் வந்துவிடும். யாருமே கேட்காத வேலைதான் சத்தமில்லாமல் நழுவும். ஆகவே, நழுவுவதைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கிறதா என்பதுதான் எந்த ஏற்பாட்டுக்கும் முதல் கேள்வி. வாரா வாரம் கணக்குச் சொன்னால் அதிகபட்சம் ஏழு நாளில் தெரிந்துவிடும். மாதம் ஒரு முறை என்றால், தெரியவரும்போது நான்கு வாரம் போயிருக்கும்.

இரண்டாவது கேள்வி, “இந்த வாரம் செய்யலை” என்று அவரிடம் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது. கஷ்டமே இல்லாவிட்டால் வாக்குக்கு எடை இருக்காது. ரொம்பக் கஷ்டமாக இருந்தால் பொய் சொல்லத் தொடங்குவோம், அல்லது அவரைப் பார்ப்பதையே தவிர்ப்போம். லேசாகக் கூசவேண்டும், ஆனால் வாய் அடைத்துப் போகக்கூடாது.

மூன்றாவது, மழுப்பலான வாக்கைக் கொடுத்தால் அவர் அதை வாங்க மறுப்பாரா? “நோட்டு வேலையைத் தொடர்கிறேன்” என்பது வாக்கே இல்லை. அதைச் செய்தேனா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமை யாராலும் சொல்ல முடியாது.

நான்காவது, ஒரு வாரம் அடியோடு விட்டுப்போனால் ஏற்பாடு மறுபடி எழுந்து நிற்குமா? என் அனுபவத்தில், இப்படிப்பட்ட ஏற்பாடுகளில் பாதி முதல் தவறிய வாரத்திலேயே முடிந்துபோகின்றன.

கணக்குச் சொல்வதால் பலன் உண்டா என்ற சந்தேகத்துக்கு நல்ல பதில் இருக்கிறது. 2016-இல் சைக்கலாஜிகல் புல்லட்டின் இதழில் 138 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. முன்னேற்றத்தை அவ்வப்போது கவனித்துக் குறிப்பவர்கள் இலக்கை அதிகம் எட்டுகிறார்கள்; எழுதி வைத்து, பிறருக்கும் தெரியப்படுத்தும்போது பலன் இன்னும் கூடுகிறது என்பது அதன் முடிவு. யாருக்குத் தெரியப்படுத்துவது என்பதுதான் நாம் தேர்ந்தெடுக்க வேண்டியது.

## வீட்டில் இருப்பவரிடம்

முதலில் என் கணவரிடம்தான் சொன்னேன். சேர்ந்தே இருக்கிறோம், நல்லெண்ணம் உள்ளவர், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. நழுவல் ஏழு நாளில் அல்ல, அன்றைக்கே தெரிந்துவிடும்.

சிக்கலும் அங்கேதான். மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை இரவு 9.40. நான் சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “நோட்டு என்னாச்சு?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். “சட்டி பானை கழுவினது யாரு?” என்று என் வாயிலிருந்து வந்தது. அவர் கேட்டது வாக்கைப் பற்றி. எனக்குக் காதில் விழுந்தது வீட்டு வேலைப் பங்கீட்டைப் பற்றி. கணவன் மனைவிக்கு இடையே ஏற்கெனவே ஒரு பெரிய கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய கணக்கை அதன் மேல் எழுதினால் இரண்டும் குழம்பிவிடும். அதன் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். வீட்டில் நிம்மதி வேண்டும் என்று நினைத்தார், அதில் தப்பில்லை.

இன்னொன்று, வீட்டார் நம் சோர்வைக் கண்ணால் பார்ப்பவர்கள். “பாவம், இன்னைக்குத்தான் ஓடி ஓடி வந்தா” என்று நாம் கேட்பதற்கு முன்பே மன்னித்துவிடுவார்கள். மழுப்பலான வாக்கைத் திருப்பி அனுப்பும் மனது அவர்களுக்கு வராது.

ஆனால் இருவருக்கும் சேர்ந்த வேலை என்றால் வீட்டாரைவிட நல்ல துணை கிடையாது. எல்பிஏ பத்திரம் அப்படிப்பட்டது. நமக்குச் சுயநினைவோ முடிவெடுக்கும் திறனோ போனால் நம் சார்பில் யார் முடிவெடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பத்திரம் அது. சிங்கப்பூரில் பலரும் “செய்யணும், செய்யணும்” என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும் காரியம். இணையத்தில் படிவம் நிரப்பவேண்டும், நியமிக்கப்படுபவர் ஒப்புக்கொள்ளவேண்டும், பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ மனநல மருத்துவரோ சான்றளிக்கவேண்டும். நாங்கள் இருவரும் அதை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிரித்தோம்: முதல் வாரம் யாரை நியமிப்பது என்று பேசி முடிப்பது, இரண்டாம் வாரம் படிவம், மூன்றாம் வாரம் சான்றளிப்பவரிடம் நேரம் வாங்குவது. ஒருவர் கேட்பதும் மற்றவர் பதில் சொல்வதும் அங்கே இல்லை. இருவரும் ஒரே பக்கம் நின்றோம். அதனால் முடிந்தது.

## வாட்ஸ்அப் குழுவில்

அடுத்து, நான் இருந்த ஒரு வாசிப்பு நண்பர்கள் குழுவில் அறிவித்தேன். “அப்பாவின் நோட்டுகளைப் புத்தகமாக்கப் போகிறேன்.” அரை மணி நேரத்தில் இதயங்களும் கைகூப்பும் படங்களும் வந்து குவிந்தன. இரண்டு பேர் கண் கலங்கியதாக எழுதினார்கள். அன்று இரவு ஏதோ பெரிய வேலை முடித்த திருப்தியோடு தூங்கினேன். அந்த வாரம் தட்டிய பக்கம் பூச்சியம்.

பிறகுதான் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் மற்றவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். நல்ல வழக்கறிஞராகவேண்டும் என்ற எண்ணமுள்ள சட்ட மாணவர்களையும் அவர்கள் சோதித்தார்கள். தன் எண்ணத்தை இன்னொருவர் கவனித்துக் குறித்துக்கொண்டார் என்று தெரிந்தவர்கள், அதற்கான உழைப்பில் குறைந்த நேரமே செலவிட்டார்கள். ‘இப்படிப்பட்ட ஆளாகவேண்டும்’ என்ற வகை இலக்கில், பிறர் தலையாட்டியதே பாதி ஆகிவிட்ட உணர்வைத் தருகிறது. ‘அப்பாவைப் பற்றிப் புத்தகம் போட்ட மகள்’ என்ற பெயரை அந்த இதயங்கள் எனக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டன.

ஆகவே குழுவில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். இலக்கை அறிவிப்பது வேறு, முன்னேற்றத்தைக் கணக்குச் சொல்வது வேறு. குழுவுக்கு முதலாவது எளிது. இரண்டாவது அதன் கையில் நிற்பதில்லை. ஒன்பது பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் பேசாமல் இருந்தால் அது யார் கண்ணிலும் படாது. ‘வேறு யாராவது கேட்பார்கள்’ என்று எட்டுப் பேரும் விட்டுவிடுவார்கள். முதலில் நழுவுகிறவர் முதலில் மௌனமாகிறார். மௌனத்தைக் கவனிக்க ஆளில்லாத இடம் நழுவும் வேலைக்கு ஆகாது.

குழு நன்றாக ஓடும் இடமும் உண்டு. எல்லாரும் ஒரே வேலையை, ஒரே அளவுகோலில் செய்யும்போது. எனக்குத் தெரிந்த ஆறு பெண்கள் பிடோக் நீர்த்தேக்கத்தைக் காலையில் சுற்றி நடக்கிறார்கள். ஒரு சுற்று 4.3 கிலோமீட்டர். வாரத்துக்கு மூன்று சுற்று என்பது வாக்கு. யாரும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. மூன்று என்றால் மூன்று. அவர்களுக்குள் சுழற்சி முறையில் வாரம் ஒருவர் கணக்கு எடுக்கிறார். பேசாமல் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்பது அந்த வாரம் அவர் பொறுப்பு. குழு வேண்டும் என்பவர்கள் அந்தப் பொறுப்பைத்தான் முதலில் யாருக்கு என்று முடிவு செய்யவேண்டும்.

## பணத்தை வைத்து

பிறகு என் தம்பியுடன் ஒரு பந்தயம். வாக்குத் தவறினால் அவன் கையில் 20 வெள்ளி கொடுக்கவேண்டும். முதல் வாரம் பயந்து செய்தேன். அடுத்த மூன்று வாரமும் வாரத்துக்கு 20 வெள்ளியை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். முன்பு இருந்த உறுத்தல்கூடப் போய்விட்டது. 20 வெள்ளி, ஓர் ஓய்வான ஞாயிற்றுக்கிழமையின் விலை ஆகிவிட்டது.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறிய அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதமாக வருவோர் எண்ணிக்கை கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் அது குறையவில்லை. 2000-இல் வெளிவந்த இந்த ஆய்வைச் செய்த நீசியும் ருஸ்டிகினியும் சொன்ன விளக்கம், அபராதம் ஒரு விலையாக மாறிவிட்டது என்பது.

தொகை பெரிதாகவும், தீர்ப்புச் சொல்பவர் வெளியாளாகவும் இருந்தால் கதை மாறும். பிலிப்பீன்ஸில் நடந்த ஓர் ஆய்வில், புகைப்பதை விட விரும்பியவர்கள் வங்கியில் ஆறு மாதம் பணம் போட்டுவந்தார்கள். ஆறு மாத முடிவில் சிறுநீர்ப் பரிசோதனையில் நிக்கோடின் இருந்தால் அந்தப் பணம் முழுவதும் போய்விடும். இந்தக் கணக்கைத் தொடங்க முன்வந்தவர்கள் 11 விழுக்காட்டினர்தான். ஆனாலும் இந்த வாய்ப்பு வழங்கப்பட்ட மொத்தக் கூட்டத்திலும் புகைப்பதை விட்டவர்கள் மற்றவர்களைவிட 3 விழுக்காட்டுப் புள்ளி அதிகம். அந்த ஆய்வாளர்களில் ஒருவரான டீன் கார்லன், இப்படிப் பணம் வைத்து வாக்குக் கொடுப்பதற்கென stickK என்ற இணையத்தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: ஆம், இல்லை என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய, குறுகிய கால வேலைக்குப் பணம் பொருந்தும். நீச்சல் வகுப்பில் பெயர் கொடுப்பது, பல் மருத்துவரிடம் போவது மாதிரி. அப்பாவின் கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் படித்துத் தட்டும் வேலைக்குப் பொருந்தாது. பணத்தைக் காப்பாற்ற அவசர அவசரமாகத் தட்டியிருப்பேன். படிக்க முடியாத வரிகளைத் தாண்டிப் போயிருப்பேன். பணம் எண்ணிக்கையைக் காக்கும், தரத்தைக் காக்காது.

## சமமான துணையிடம்

கடைசியில் ஓர் அக்காவிடம் போனேன். முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தேக்காவில் சந்தித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். அவருக்கும் நழுவிக்கொண்டிருந்த வேலை ஒன்று இருந்தது: தீபாவளிக்கு வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம் செய்து விற்கவேண்டும். மூன்று தீபாவளியாக “அடுத்த வருஷம்” ஆகியிருந்தது.

எங்கள் ஏற்பாடு இதுதான். ஞாயிறு மாலை 6 மணிக்குள் இருவரும் மூன்று வரி எழுதி அனுப்பவேண்டும். இரவு 8.15-க்கு இருபது நிமிடம் போனில் பேசவேண்டும். கணக்கு முதலில், அரட்டை பிறகு. எழுதுவது பேச்சுக்கு முன்னால் இருப்பது முக்கியம். பேசிக்கொண்டே கணக்குச் சொன்னால் குரலை வைத்துச் சமாளித்துவிடலாம், எழுத்தில் எண் வந்தே ஆகவேண்டும்.

என் முதல் வரிகள் இப்படி இருந்தன:

> போன வாரம்: –
> நடந்தது: –
> இந்த வாரம்: நோட்டு வேலையைத் தொடர்வேன்.

அக்கா உடனே கேட்டார். “தொடர்றதுன்னா? ஒரு பக்கமும் தொடர்றதுதான், பத்துப் பக்கமும் தொடர்றதுதான். என்னைக்கு, எத்தனை மணிக்கு உட்காரப் போற?” மாற்றி எழுதினேன்:

> இந்த வாரம்: செவ்வாய், வியாழன், சனி இரவு 9.30 முதல் 10.10 வரை. நோட்டு 1, பக்கம் 1–30. ஞாயிறு 6 மணிக்குள் ஃபைலை அனுப்புவேன்.

ஒரு பக்கத்துக்கு 4 நிமிடம் என்று நானாகப் போட்ட கணக்கு அது. முதல் வாரம் 9 பக்கம் வந்தது. அடுத்த வாரம் 13. மூன்றாம் வாரம் 11. ஒவ்வொரு வாரமும் எனக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது, அடுத்த வாரம் 30 நிச்சயம் என்று தோன்றியது. அக்காவுக்குத் தெரிந்தது எண்கள் மட்டும். “மூணு வாரத்தையும் கூட்டிப் பாரு, சராசரி பதினொன்னு. முப்பதை எங்கிருந்து கொண்டு வருவ? பன்னிரண்டுன்னு வை.”

நம் காரணங்கள் வெளியாளுக்குத் தெரியாமல் இருப்பது குறை மாதிரிப் படும். அதுதான் அவருடைய பலம். 1994-இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், பட்டப்படிப்பு மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆயிற்று. அதே ஆய்வில், பிறருடைய வேலையை மதிப்பிட்டவர்களிடம் இந்த அதீத நம்பிக்கை இல்லை. நாம் நம் திட்டத்தைப் பார்த்துக் கணிக்கிறோம். பக்கத்தில் இருப்பவர் நம் பழக்கத்தைப் பார்த்துக் கணிக்கிறார். 12 பக்கம் என்று வைத்த பிறகுதான் வாக்கு நிறைவேறத் தொடங்கியது. மிச்சம் இருந்த 327 பக்கத்துக்கு 28 வாரம் என்று தேதியும் கைக்கு வந்தது.

அக்காவின் பக்கம் வேறு மாதிரி. ‘விலைப்பட்டியல் போடுவேன்’ என்ற வரி இரண்டு வாரம் அப்படியே திரும்ப வந்தது. நாங்கள் ஒரு விதி வைத்திருந்தோம்: ஒரே வாக்கு மூன்றாம் முறை வரக்கூடாது. ஒன்று சிறிதாக்கவேண்டும், அல்லது வேறாக்கவேண்டும், அல்லது “இதை விட்டுவிட்டேன்” என்று வாய் திறந்து சொல்லவேண்டும். மூன்றாம் வாரம் அதைக் கிளறியபோதுதான் தெரிந்தது, அவர் சோம்பலில் தள்ளிப்போடவில்லை. ஒரு கிலோ முறுக்குக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு எண்ணெய் ஆகிறது என்றே அவருக்குத் தெரியாது, கைப்பக்குவத்தில் செய்பவர். தெரியாத எண்ணை வைத்து விலை எப்படிப் போடுவது? வாக்கை மாற்றினோம்: “செவ்வாய்க்கிழமை ஒரு கிலோ மாவில் சுட்டுப் பார்க்கவேண்டும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், எண்ணெய் அளவு, கடைசியில் வந்த முறுக்கின் எடை. நாலு எண்.” அந்த நாலு எண் வந்த மறுவாரம் விலைப்பட்டியல் வந்துவிட்டது.

திரும்பத் திரும்ப வரும் வாக்குக்குள் இப்படி ஒரு தெரியாத விஷயம் ஒளிந்திருக்கும். எனக்கும் நோட்டு 2-இல் அதுவே நடந்தது. ஹார்பர் போர்டு போய் 1964 ஏப்ரலில் துறைமுக ஆணையம் வந்த காலத்தை அப்பா எழுதியிருந்தார். கப்பல் பெயர்களும் கிடங்கு எண்களும் அவசரக் கிறுக்கலில். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் பிடித்தது; உட்காரவே மனம் வரவில்லை. ‘படிக்க முடியாத சொல்லுக்குக் கோடு போட்டுவிட்டு மேலே போ, கோடுகளை எல்லாம் சேர்த்துச் சித்தப்பாவிடம் ஒரே நாள் கேள்’ என்று அக்கா சொல்லாவிட்டால் அங்கேயே நின்றிருப்பேன்.

மறைவான செலவு இங்கேயும் உண்டு. வாரம் இருபது நிமிடம் என்பது சிறிது; இன்னொருவர் வேலையை மனதில் வைத்துக்கொள்வதுதான் செலவு. பெரிய ஆபத்து, பரஸ்பர மன்னிப்பு. ஒரு வாரம் இருவருமே செய்யவில்லை. சிரித்துக்கொண்டோம், பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினோம், போனை வைத்துவிட்டோம். அடுத்த வாரமும் அதே. இது நடந்தால் மூன்று அடையாளங்கள் தெரியும்: எழுத்தில் எண் மறைந்து ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’ வரும், கணக்கைவிடக் காரணம் நீளமாகும், ஞாயிற்றுக்கிழமை போன் திங்கட்கிழமைக்கு நகரும். இரண்டு அடையாளம் சேர்ந்து தெரிந்தாலே அன்று வாக்கைப் பாதியாகக் குறைத்துவிடுவோம். ஆறு பக்கம் மட்டும். அதையும் செய்யாவிட்டால் அந்த வேலை உண்மையிலேயே வேண்டுமா என்று பேசவேண்டும்.

அம்மா மருத்துவமனையில் இருந்த வாரங்களில் நான் பூச்சியம் என்று எழுதி அனுப்பினேன். அந்தப் பூச்சியத்தையும் அனுப்பவேண்டும் என்பது எங்கள் பேச்சு. மொத்தம் ஆறு வாரம் பூச்சியம். 31 வாரத்தில் முடிய வேண்டியது 37 ஆனது அதனால்தான். அனுப்பாமல் விட்டிருந்தால் அந்த ஆறில் ஏதோ ஒன்று கடைசி வாரமாக இருந்திருக்கும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்றால், மிக நெருங்கிய தோழியை வேண்டாம் என்பேன். அவரிடம் இழக்க நிறைய இருக்கிறது. மேலதிகாரியும் வேண்டாம். மரியாதை உண்டு, தினம் பார்ப்பதில்லை, அவரிடமும் ஒரு நழுவும் வேலை இருக்கிறது என்றால் சரியான ஆள். ஒரே துறையில் இருக்கவேண்டும் என்றில்லை. எனக்கு முறுக்கு சுடத் தெரியாது என்பதால்தான் அக்காவிடம் அடிப்படைக் கேள்விகளைக் கேட்க முடிந்தது.

கட்டணம் வாங்கும் பயிற்றுநரைப் பற்றியும் கேட்கிறார்கள். அடுத்த அடி என்ன என்றே தெரியாதபோது அவருக்குக் கொடுக்கும் பணம் தகும், ஏனென்றால் அது அறிவுக்கான பணம். என்ன செய்யவேண்டும் என்று நன்றாகத் தெரிந்தும் உட்கார மறுக்கிறோம் என்றால், கட்டணம் நின்ற வாரம் வேலையும் நின்றுவிடும்.

## ஒரே பார்வையில்

| யாரிடம் | நழுவல் எப்போது தெரியும் | ‘செய்யலை’ என்று சொல்ல | மறைவான செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| வீட்டார் | அன்றைக்கே | ஒன்று சண்டை, அல்லது உடனடி மன்னிப்பு | வீட்டு நிம்மதி | இருவருக்கும் சேர்ந்த வேலை |
| வாட்ஸ்அப் குழு | பல நேரம் தெரியாது | சொல்லவே வேண்டாம், பேசாமல் இருந்தால் போதும் | பாராட்டில் வேகம் போய்விடும் | ஒரே அளவுகோலில் எண்ணும் வேலை |
| பணம் | கெடு நாளில் | காசு கொடுத்தால் முடிந்தது | உறுத்தல் போய்விடும், தரம் குறையும் | ஆம்/இல்லை என்ற குறுகிய வேலை |
| சமமான துணை | ஏழு நாளில் | லேசாகக் கூசும் | இருவரும் சேர்ந்து தளரும் ஆபத்து | கெடு இல்லாத நீண்ட வேலை |

கலந்தும் வைத்துக்கொள்ளலாம். சமமான துணையோடு ஓடும்போதே, நடுவில் வரும் ஓர் ஆம்/இல்லை வேலைக்கு மட்டும் பணம் வைத்தோம். உணவுப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்க அக்கா அப்படித்தான் 100 வெள்ளியை என் கணக்கில் போட்டுவைத்தார். வியாழக்கிழமையே பெயர் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

## கேட்பது எப்படி

“எனக்குத் துணையா இருப்பீங்களா?” என்று கேட்டால் பெரிய பொறுப்பாகத் தெரியும், தயங்குவார்கள். நான் அனுப்பியது இது: “அக்கா, ஆறு வாரம் மட்டும். ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிஷம். நான் நோட்டு வேலையைச் சொல்றேன், நீங்க முறுக்கு வேலையைச் சொல்லுங்க. ஆறாவது வாரம் வேணாம்னா விட்டுடலாம், யாரும் கோபப்பட வேணாம்.” முடிவு நாள் முன்கூட்டியே இருந்ததால்தான் அவர் ஒப்புக்கொண்டார் என்று பிறகு சொன்னார். ஆறாவது வாரம் இருவரும் பேசி இன்னும் ஆறு வாரம் நீட்டினோம். கடைசி வரை அப்படி ஆறு ஆறாகத்தான் போனது.

37-ஆம் வாரம் கடைசி ஃபைலை அனுப்பிவிட்டு, இனி அக்காவின் கணக்கை மட்டும் கேட்கிறேன் என்று சொன்னேன். அவருக்குப் பொங்கல் ஆர்டர்கள் இருந்தன, வேலை முடியவில்லை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “நீ சும்மா உக்காந்து கேட்டா அது டீச்சர் கிட்ட சொல்ற மாதிரி ஆயிடும். எனக்கு அது வேணாம். நீயும் ஏதாவது எடுத்துக்கிட்டு வா.” அந்த ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பாவிடம் கேட்கவேண்டிய கோடு போட்ட சொற்களை எண்ணினேன். 143 இருந்தன. வாரத்துக்குப் பத்து என்று எழுதி அனுப்பினேன்.